நான்காவது அடி

எனக்குத் தாளம் நிற்காது என்று ஒன்பது வயதிலேயே தீர்ப்பாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாமி பாட்டு சொல்லிக்கொடுத்தார். மாலை ஐந்து மணிக்குப் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் உட்காருவோம். சரளி வரிசை, ஆதி தாளம். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நாலு.

முதல் காலம்தான் எனக்கு எமன். நடுவிரலுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எங்கேயோ என் கை வழுக்கிவிடும். மாமியின் கை தொடையில் விழுவதைப் பார்த்துவிட்டு அவசரமாக என் கையைப் போடுவேன். ஆனால் மூன்றாம் காலம் வந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நாலு நாலு சுரமாக ஓடிப்போய்ச் சரியாக முதல் தட்டில் விழுவேன். மாமிக்கு இது திமிராகப் பட்டது. "வேகமா வரது, மெதுவா மட்டும் வராதா? அக்கறை இல்லேன்னு சொல்லு." கடைசியில் ஒருநாள் அப்பாவிடம், "கொழந்தைக்குக் கொரல் இருக்கு. தாளம் நிக்கல. வீணா எதுக்குப் பணம்" என்று சொல்லிவிட்டார். அப்பா கடன்காரரிடமிருந்து தப்பித்த மாதிரி வீட்டுக்கு வந்தார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் இருக்கும் நக்கல் எனக்குப் புரியாமல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்தது தமிழ் ஆசிரியையாகத்தான். இசைக்கு ஆள் இல்லை என்று வாரம் இரண்டு பீரியடை என் தலையில் கட்டினார்கள். சென்னையில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கைதட்டி, தொடை தட்டி, காலால் மிதித்து, விரல் சொடுக்கி, கடைசியில் கோடு போட்டு எழுதவைக்கும் ஒரு முறை. ஹங்கேரியில் கோடாய் பெயரால் வளர்ந்த கோட்டு எழுத்தும், ஜெர்மனியில் கார்ல் ஆர்ஃப் வளர்த்த உடல் தாளமும் கலந்த கலவை. ஹங்கேரிக்காரர்கள் ஒரு அடிக்கு ஒரு ஓசை வந்தால் 'டா' என்பார்கள், இரண்டு வந்தால் 'டி-டி'. அந்தச் சொற்கள்கூட அவர்களுடையவை அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் செவே என்பவர் பயன்படுத்திய முறையிலிருந்து எடுத்துக்கொண்டவை. நமக்கு அந்தத் தேவையே இல்லை. ஒன்றுக்குத் 'தா', இரண்டுக்குத் 'தக', நாலுக்குத் 'தகதிமி' என்று வாய்க்கு வசதியாக ஏற்கனவே இருக்கிறது. நான் அதையே வைத்துக்கொண்டேன்.

என் வகுப்பில் 34 பேர். வாத்தியம் எதுவும் கிடையாது. பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்த ஒருவர் விட்டுப்போன தட்டுக்கழி மட்டும் அலமாரியில் இருந்தது.

முதல் மாதம் செய்த பெரிய தப்பு, மெதுவாக ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகள்தானே, நிதானமாகப் போவோம் என்று நொடிக்கு ஒரு தட்டு வைத்தேன். மெட்ரோனோம் கணக்கில் நிமிடத்துக்கு 60. ஐந்தாவது தட்டுக்குள் வகுப்பு ஆலங்கட்டி மழையாகிவிடும். ஒரு கூட்டம் முன்னால் ஓடும், ஒரு கூட்டம் கையை நீட்டிக்கொண்டு என்னையே பார்க்கும். நான் மாமி மாதிரியே, "கவனமா கேளுங்க, கவனமா கேளுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் அதே பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையாகப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டு போனார்கள். கால்கள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. கைபேசியில் மெட்ரோனோம் செயலியைத் திறந்து அந்தக் காலடிக்கு ஏற்பத் தட்டிப் பார்த்தேன். 130-ஐத் தாண்டி நின்றது. நான் கேட்ட வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

யோசித்தால் இது விளங்கக்கூடிய விஷயம்தான். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு நொடி வெறுமை. அந்த வெறுமையைப் பெரியவர்கள் மனசுக்குள்ளே இரண்டாகவோ நாலாகவோ வெட்டிக்கொள்கிறோம். பாடகர் மெதுவாகப் பாடும்போதும் உள்ளுக்குள் ஒரு தகதிமி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படி வெட்டத் தெரியாது. அதன் கை சின்னது, கால் சின்னது. கை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் குறைவு. அந்த உடம்புக்கென்று ஒரு வேகம் இருக்கிறது, அது பெரியவர்களின் வேகத்தைவிட அதிகம். அந்த வேகத்தில் கேட்டால் தட்டும். பாதியாகக் குறைத்துக் கேட்டால் மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறும். சைக்கிளை மிக மெதுவாக ஓட்டச் சொன்னால் விழுவோமே, அது மாதிரி.

அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மூன்றாம் காலத்தில் சரியாக வந்து விழுந்த அந்தப் பிள்ளைக்குத் திமிர் ஒன்றும் இல்லை. முதல் காலத்தின் இடைவெளி நாலாக வெட்டப்பட்டுக் கையில் கிடைத்தபோது அதற்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து தட்டுக்கழியை 120-க்கும் 130-க்கும் நடுவில் தட்டினேன். கைதட்டலையும் நிறுத்தினேன், முதலில் நடை மட்டும். ஜெனீவாவில் 1892-ல் இசைக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த எமில் ஜாக்-டால்குரோஸ் கவனித்ததும் இதைத்தான். வாத்தியத்தில் தாளம் தவறும் மாணவர்கள் நடக்கும்போது ஒழுங்காகத்தான் நடந்தார்கள். ஆக, தாளம் காலில் இருக்கிறது, அதைக் கைக்கு ஏற்ற வேண்டும். நடந்துகொண்டே வாயில் தா தா தா, பிறகு அதன் மேல் கைதட்டல். காலில் விழுவது மாறாத அடி, கையில் விழுவது அதன் மேல் ஏறும் சொல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எல்லாம். பாட்டைக் கேட்டுத் தட்டச் சொன்னால் பிள்ளைகள் பாட்டில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டும். அடியை மட்டும் தட்டச் சொன்னால் குழம்பும். கால் அடியைப் பார்த்துக்கொண்டால் கைக்கு விடுதலை.

சொல்லுக்கு என்ன வைப்பது? பயிற்சியில் தின்பண்டப் பெயர்களை வைக்கச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று. 'பால்' என்றால் ஒரு தட்டு, 'தோசை' என்றால் இரண்டு. அதுவரை சரி. ஒரு அடிக்குள் நாலு தட்டு வேண்டுமே, அதற்கு 'பணியாரம்' என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். ப-ணி-யா-ரம், நாலு எழுத்து மாதிரிதானே. 34 பேரும் ஒருவர் விடாமல் முதல் இரண்டை வேகமாகவும் கடைசி இரண்டை இழுத்தும் தட்டினார்கள். நான் திருத்தினேன். மறுபடி அப்படியே தட்டினார்கள். மூன்றாவது தடவை திருத்தும்போதுதான் உறைத்தது. நான் தமிழ் டீச்சர்! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாலு வருடமாகப் பெரிய வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். மாத்திரை என்பதற்குத் தொல்காப்பியம் தரும் அளவே கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். விரல் சொடுக்கிக் காலத்தை அளந்த மொழியில் வளர்ந்த பிள்ளைகள் 'பணியாரம்' என்பதை அதன் அளவில் சரியாகத் தட்டியிருக்கிறார்கள். நான்தான் தப்பு.

நாலு குறில் வேண்டும். தேடிக்கொண்டு போக வேண்டியதே இல்லை, இரட்டைக்கிளவி இருக்கிறது. கடகட, மளமள, சலசல, படபட. நாலும் ஒரே அளவு. 'பால், பால், கடகட, பால்' என்று சொல்லிக்கொண்டு நடந்தபோது ஒரு பையன், "மிஸ், பாலைக் கடகடன்னு குடிச்சாச்சு" என்றான். அதன் பிறகு அந்த வரிசைக்கு அதுவே பெயர்.

உடம்பின் மற்ற ஒலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மிதித்தால் அடித்த ஓசை, தொடையில் கொஞ்சம் மேலே, கைதட்டு அதற்கும் மேலே, சொடக்கு உச்சியில். ஏழு வயதில் பாதிப் பேருக்குச் சொடக்கு வராது. விரலைத் தேய்த்துக் கொண்டு அழுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நாக்கால் 'டொக்' போதும்.

எழுத ஆரம்பித்தது மூன்றாவது மாதத்தில். காதும் காலும் அறிந்த பிறகுதான் கண்ணுக்கு. ஒரு அடிக்கு ஒரு ஓசை என்றால் நேராக ஒரு கோடு. இரண்டு என்றால் இரண்டு கோடு, தலையை இணைத்து ஒரு குறுக்குக் கோடு. அதைப் போட்டதும், "கவுந்த ப!" என்றார்கள். அன்றிலிருந்து அது கவிழ்ந்த ப. ஓசையே இல்லாத அடிக்கு ஒரு வெற்று வட்டம். இவ்வளவுதான் எங்கள் எழுத்து. குச்சி ஐஸ் குச்சிகளைத் தரையில் அடுக்கியும் எழுதலாம். சிலேட்டில் கோடு வளைகிறதே என்று கவலைப்படுபவர்களுக்குக் குச்சி வசதி.

பிரச்சினை அந்த வட்டத்தில் ஆரம்பித்தது. நான் எழுதிப்போட்ட முதல் அட்டை இது.

|   |   ⊓   ○

தா, தா, தக, சும்மா. திரும்பத் திரும்ப நாலு முறை. முதல் முறை அழகாக வந்தது. இரண்டாவது முறையில் ஏதோ சரியில்லை. நாலாவது முறை முடியும்போது அவர்கள் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு நின்றார்கள். கேட்டால் ஒவ்வொருவரும், "சரியாத்தான தட்டினோம் மிஸ்."

நடந்தது என்னவென்றால், சும்மா இருக்க வேண்டிய அடியை விழுங்கிவிட்டார்கள். 'தா தா தக'வுக்குப் பின் நேராக அடுத்த 'தா'. நாலு அடிச் சுற்று மூன்று அடிச் சுற்றாகச் சுருங்கிவிட்டது. தட்டுக்குத்தான் ஒலி இருக்கிறது, ஒலி இல்லாததைப் பிள்ளை கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு இதை எப்படிக் காட்டுவது? "நாலாவதில் நிறுத்துங்க" என்றால் நிறுத்துகிறார்கள், அதுவும் வேறு மாதிரி சிக்கல். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் நான் கழியைத் தட்டும்வரை நிறுத்துகிறார்கள்.

அப்போது எனக்குக் கால் ஞாபகம் வந்தது. மனுஷனுக்கு இரண்டு கால். வலது, இடது, வலது, இடது என்று நாலு எட்டு நடந்தால் அடுத்த சுற்று மறுபடி வலது காலில் தொடங்கும். எத்தனை சுற்று போனாலும் வலதுதான். நடுவில் ஒரு அடியை விழுங்கிவிட்டால் அடுத்த சுற்று இடது காலில் தொடங்கும். காதுக்குத் தெரியாத தப்பு காலில் தெரிந்துவிடும்.

முதலில் இடது கால் ஷூவைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன், வலது கால் மட்டும் டக்கென்று கேட்கும் என்று. எல்லாரும் நொண்டினார்கள், தாளமும் சேர்ந்து நொண்டியது. அடுத்த வகுப்பில் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டு, வலது கணுக்காலில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். பாதிப் பேர் வேப்பமரத்தடியில் வட்டமாக நடக்க, பாதிப் பேர் உட்கார்ந்து காலை மட்டும் பார்க்க வேண்டும். முதல் தட்டு ரிப்பன் காலில். நடந்தார்கள். தா, தா, தக, அவ்வளவுதான், அடுத்த தா.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தன் எழுந்தே விட்டான். "மிஸ், ரிப்பன் இல்லாத காலு! ஏலே, ஒனக்கு ரிப்பன் இல்லாத காலுல!"

அவனுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. நடந்தவர்களும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை நாலாவது அடிக்குக் கால் மட்டும் விழுந்தது, கை காத்திருந்தது. ஆனால் கைக்கு வேலை இல்லாததால் துடித்தது. சும்மா இருக்கும் அடிக்கும் கைக்கு ஒரு அசைவு தர வேண்டும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கோலமாவு தூவுகிற மாதிரி இரண்டு பக்கமும் கையை வீசச் சொன்னேன். சில இடங்களில் அந்த அடிக்கு 'ஷ்ஷ்' என்று சொல்லவைப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அது ஒரு ஒலிக்குப் பதில் இன்னொரு ஒலி, பிள்ளைகளும் அந்த ஷ்ஷில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். வீச்சு பரவாயில்லை. முதலில் பெரிய வீச்சு, பிறகு உள்ளங்கையைத் திறப்பது மட்டும், பிறகு எதுவும் இல்லை. இப்படிக் குறைத்துக்கொண்டே வரலாம் என்று கணக்கு.

இதுவரை ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

மூன்றாவது வரிசையில் இருப்பாள். ரிப்பன் எல்லாம் கட்டுவதற்கு முன்னால், முதல் மாதத்திலிருந்தே அவள் தட்டு தனியாகக் கேட்கும். எல்லாரும் சேர்ந்து 'டப்' என்றால் அதன் வாலில் ஒரு குட்டி 'டப்'. ஒவ்வொரு முறையும். பள்ளி ஆண்டுவிழாவில் இரண்டாம் வகுப்பு ஒரு கைதட்டு நிகழ்ச்சி செய்வதாக முடிவாகியது. ஒத்திகையில் அந்தக் குட்டி 'டப்' மைக்கில் விழுந்தது. நான் அவளைத் தனியே கூப்பிட்டு, முகத்தில் சிரிப்பெல்லாம் வைத்துக்கொண்டு, "நீ தட்டுற மாதிரி காட்டும்மா, சத்தம் மட்டும் வர வேண்டாம். அப்போதான் அழகா இருக்கும்" என்றேன். தலையாட்டினாள். நிகழ்ச்சி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து நன்றிகூடச் சொன்னார்.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். வகுப்பிலும் அவள் கை சேர்வதே இல்லை. இரண்டு உள்ளங்கையும் வேகமாக வந்து ஒரு அங்குல இடைவெளியில் நின்றுவிடும். "ஏம்மா தட்டல?" என்றேன்.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க."

கோபமோ வருத்தமோ இல்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளையின் குரல். என் அப்பாவிடம் மாமி சொன்னதை நான் வாசல் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவளுக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். மாமி பாட்டையாவது பணத்தோடு சேர்த்து நிறுத்தினார். நான் அவளை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை மட்டும் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். நான் தட்டுகிறேன், நீயும் தட்டு. தட்டினாள், அதே வால். ஆனால் ஒன்று கவனித்தேன். தாமதம் எப்போதும் ஒரே அளவு. தாளம் தெரியாத பிள்ளை என்றால் ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும், சிதறும். இவள் சிதறவில்லை. என் கை சேர்வதைக் கண்ணால் பார்த்து, பார்த்த பிறகு தட்டுகிறாள். தாளத்தோடு சேர்ந்து தட்டுகிறவர் யாரும் ஒலியைக் கேட்டுவிட்டுத் தட்டுவதில்லை. அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிந்து கையை அனுப்பிவிடுகிறோம். மெட்ரோனோமோடு தட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு ஒரு நூல் முன்னாலேயே தட்டுவார்கள். பார்த்துத் தட்டினால் அந்த எதிர்பார்ப்புக்கு வேலையே இல்லை. மாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நடந்ததும் இதேதான்.

"கண்ண மூடிக்கோ" என்றேன். "நான் தட்ட மாட்டேன். நீ உனக்குப் பிடிச்ச மாதிரி தட்டு."

கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு, இவ்வளவு நாள் சேர்ந்திராத கை சேர்ந்தது. மெல்ல, பிறகு பலமாக. ஒரே சீராக. நான் தட்டுக்கழியை எடுத்து அவள் வேகத்துக்குப் பின்னால் போனேன். அவள் கொஞ்சம் ஓடினால் நானும் ஓடினேன். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு நான் பின்தொடரவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தோம். கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். பிறகு செயலியில் பார்த்தேன், 138.

அதன் பிறகு செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வகுப்பு ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். யாராவது ஒரு பிள்ளை தட்ட ஆரம்பிக்கும், நான் கழியில் அதைப் பிடிப்பேன், மற்றவர்கள் காதால் வந்து சேர்வார்கள். அவள் முறை வரும்போது 138-ல் வகுப்பே பறக்கும். வாரத்துக்கு ஒரு துளி என்று குறைத்தேன். 130, 120, பிறகு 104 வரை அவள் வந்தாள். 80-க்குக் கீழே கழன்றுகொண்டாள். 80-க்குக் கீழே வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கழன்றுகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வயதுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். கூட்டத்தில் கண்ணைத் திறந்து தட்டினால் இன்னமும் எப்போதாவது அந்த வால் வரும். பயம் வந்தால் கண் முதலில் ஓடிவிடும்.

ரிப்பன் கட்டிய வகுப்பில் அவள் நடந்தவர்களின் கூட்டத்தில் இருந்தாள். நான் எல்லாரையும் கோலமாவு தூவச் சொன்னேன். அவள் தூவவில்லை. நாலாவது அடியில் அவள் கைகள் மற்ற மூன்று அடிக்கும் வந்த மாதிரியே வேகமாக வந்து, ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றன. சத்தமில்லாத தட்டு. பிறகு அடுத்த 'தா', ரிப்பன் காலில். ஒன்பது சுற்று எண்ணினேன். ஒன்பதும் ரிப்பன் காலில்தான்.

பார்த்துக்கொண்டே நின்றேன். வீச்சைவிட அது நல்ல வழி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையை வெளியே வீசினால் திரும்பி வர நேரம் ஆகும், அவசரக்காரப் பிள்ளைகள் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். இவள் செய்ததில் கை போகும் தூரம் மற்ற அடிகளுக்கு எவ்வளவோ அவ்வளவே. ஒலி மட்டும் இல்லை, அடி முழுசாக இருக்கிறது. சுரப் புத்தகத்தில் கார்வைக்குக் கமா போடுவார்களே, அந்தக் கமாவுக்கும் ஒரு சுரத்தின் முழு இடம் உண்டு. அது மாதிரி.

"இத யாருட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. யாரிடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது வெற்று வட்டத்துக்கு வகுப்பு முழுக்க அவள் மாதிரிதான் தட்டுகிறோம். ஊமைத் தட்டு என்று பெயர் வைத்தது வேறொரு பிள்ளை. ஊமைத் தட்டு வந்த பிறகும், நடையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து செய்யச் சொன்னால் பாதிப் பேர் நாலாவது அடியை மறுபடி விழுங்குகிறார்கள். காலை எடுத்துவிட்டால் இன்னும் நிற்பதில்லை. அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பில் பார்க்கலாம்.

போன வாரம் ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, எனக்கு ஒரு ஆசை வந்தது. மெட்ரோனோமை 60-ல் வைத்தேன். வலது காலில் ஒரு பழைய ரிப்பனைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே சரளி வரிசை முதல் காலம். நொடிக்கு ஒரு எட்டு, எட்டுக்கு ஒரு சுரம். ஒரு வரி எட்டு எண்ணிக்கை, எனவே அடுத்த வரி மறுபடி வலது காலில் தொடங்க வேண்டும். அலமாரி வரை போய்த் திரும்பினேன். முதல் வரி சரி. இரண்டாவது வரி சரி. மூன்றாவது வரியில் நடுவிரலுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே, அதே பழைய இடத்தில், எதையோ விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது. குனிந்து பார்த்தால் ரிப்பன் இல்லாத கால்.

மெட்ரோனோமை 104-க்கு ஏற்றிவிட்டு மறுபடி அலமாரியிலிருந்து ஆரம்பித்தேன்.